எல்.ஓ.டி.யும் காலிபரேஷன் கோடும்: மெத்தட் வேலிடேஷன் கட்டுரை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் பகுப்பாய்வு வேதியியலில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களும் தண்ணீர் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்ப்பவர்களும் கட்டுரை எழுத உட்காரும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: போர்வெல் தண்ணீரில் உள்ள ஈயத்தை ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்கும் முறை. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500:2012, ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கீழே அலகு சொல்லாமல் வரும் செறிவுகள் எல்லாம் லிட்டருக்கு மைக்ரோகிராம்தான். ஸ்டாண்டர்டுகள் 1, 2, 5, 10, 50, 100. அவற்றுக்குக் கிடைத்த சிக்னல் முறையே 10.6, 20.3, 50.9, 99, 515, 980. சிக்னல் என்பது ஈயத்தின் எண்ணிக்கையைப் பிஸ்மத் இன்டர்னல் ஸ்டாண்டர்டின் எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கியது. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கணக்கை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம்.

எல்.ஓ.டி., எல்.ஓ.க்யூ. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே? ஏன் தனித்தனியா கேக்கறாங்க?

எல்.ஓ.டி. என்பது "இருக்கிறதா, இல்லையா" என்ற கேள்விக்கான எல்லை. எல்.ஓ.க்யூ. என்பது "எவ்வளவு இருக்கிறது" என்று நம்பிச் சொல்லக்கூடிய எல்லை. எல்.ஓ.டி.க்குச் சற்று மேலே உள்ள மாதிரியில் ஈயம் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அங்கே கிடைக்கும் எண்ணில் முப்பது சதவீதம் வரை ஆட்டம் இருக்கும். எல்.ஓ.க்யூ.வில் அந்த ஆட்டம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வழக்கமான சூத்திரங்கள் ஐ.சி.எச். வழிகாட்டியான க்யூ2-இல் உள்ளவை:

```
LOD = 3.3 × σ / S
LOQ = 10 × σ / S
```

S என்பது காலிபரேஷன் கோட்டின் சாய்வு. σ என்பது சிக்னலின் திட்ட விலக்கம். எதனுடைய சிக்னல் என்பதில்தான் குழப்பம் எல்லாம் வருகிறது. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

3.3-ங்கிற எண் எங்கிருந்து வந்துச்சு? சில பேப்பர்ல 3-ன்னு போட்டிருக்காங்களே?

பிளாங்கைத் திரும்பத் திரும்ப அளந்தால் சிக்னல் ஒரே எண்ணாக வராது, ஏறி இறங்கும். பிளாங்கின் சராசரிக்கு மேலே 1.645 σ தூரத்தில் ஒரு கோடு போட்டால், ஈயமே இல்லாத நூறு மாதிரிகளில் ஐந்துதான் தவறுதலாக அந்தக் கோட்டைத் தாண்டும். இதுதான் முடிவெடுக்கும் கோடு. ஈயம் உண்மையில் இருக்கும் மாதிரி அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடுவதும் நூற்றுக்கு ஐந்துக்குள் நிற்க வேண்டும் என்றால், அதன் உண்மையான செறிவு இன்னொரு 1.645 σ மேலே இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 3.29. அதைத்தான் 3.3 என்று எழுதுகிறோம். 3 போடுவது பழைய வழக்கம். அதுவும் ஏற்கத்தக்கதே, ஆனால் எதைப் போட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. எல்.ஓ.டி.யையே முடிவெடுக்கும் கோடாக வைத்து, அதற்குக் கீழே வந்ததை எல்லாம் "இல்லை" என்று எழுதினால், உண்மையான செறிவு சரியாக எல்.ஓ.டி. அளவில் உள்ள மாதிரிகளில் பாதியைத் தவறவிடுவீர்கள். முடிவெடுக்கும் கோடும் எல்.ஓ.டி.யும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. "கண்டறியப்படவில்லை" என்று எழுதினால் எந்தக் கோட்டை வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்பதும் கட்டுரையில் இருக்க வேண்டும்.

R² 0.9994 வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

மேலே கொடுத்த ஆறு ஸ்டாண்டர்டுகளுக்கு எக்ஸெல்லில் சாதாரண நேர்கோடு போட்டால் சாய்வு 9.857, இன்டர்செப்ட் 3.32, R² 0.9994 என்று வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இப்போது அதே ஸ்டாண்டர்டுகளின் சிக்னலை அதே கோட்டில் வைத்துச் செறிவைத் திரும்பக் கணக்கிடுங்கள். 100 என்ற ஸ்டாண்டர்ட் 99.1 என்று வருகிறது, நல்லது. 50 என்பது 51.9. பரவாயில்லை. 2 என்பது 1.72, பதினான்கு சதவீதம் குறைவு. 1 என்பது 0.74, இருபத்தாறு சதவீதம் குறைவு. நாமே எடை போட்டுக் கரைத்த ஸ்டாண்டர்டையே கோடு இவ்வளவு தவறாகச் சொல்கிறது. R² இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காரணம் எளிது. R² என்பது மொத்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைக் கோடு விளக்குகிறது என்ற கணக்கு. சிக்னல் 10-இலிருந்து 980 வரை போகும்போது மொத்த ஏற்ற இறக்கம் முழுவதும் மேல் முனையின் கையில் இருக்கிறது. கீழ் முனையில் இரண்டு மூன்று அலகு தவறினால் அது கணக்கில் தெரியவே தெரியாது. நம் மாதிரிகளோ பெரும்பாலும் கீழ் முனையில்தான் விழும்.

அதனால் கட்டுரையில் R² கொடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும் திரும்பக் கணக்கிட்ட செறிவும் அதன் சதவீதப் பிழையும் ஒரு சின்ன அட்டவணையாக இருக்கட்டும். ரெசிடுவல் படம் துணை ஆவணத்தில் போகலாம். புள்ளிகள் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் நேர்கோடு பொருந்துகிறது. வில் போல வளைந்து தெரிந்தால், R² எவ்வளவு வந்திருந்தாலும் அங்கே நேர்கோடு பொருந்தவில்லை. நம் கோட்டில் கீழ் நான்கு புள்ளிகளும் பூஜ்யத்துக்குக் கீழே ஒரே பக்கம் வரிசையாக நிற்கின்றன. அந்த ஒன்றைப் பார்த்தாலே கோடு கீழ் முனையில் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்துவிடும்.

எக்ஸெல்ல STEYX போட்டு 3.3-ஆல பெருக்கி, சாய்வால வகுத்தா எல்.ஓ.டி. 3.6 வருது. ஆனா 1 ஸ்டாண்டர்டே கருவியில நல்லா தெரியுதே. எது சரி?

கருவியில் தெரிவதுதான் சரி. `STEYX` கொடுப்பது கோட்டைச் சுற்றியுள்ள ரெசிடுவல்களின் திட்ட விலக்கம். நம் உதாரணத்தில் அது 10.74. அதை வைத்தால் எல்.ஓ.டி. 3.6, எல்.ஓ.க்யூ. 10.9. குடிநீர் வரம்பே 10 என்னும்போது, இந்த முறை அந்த வரம்பைக்கூட அளக்க லாயக்கில்லாதது என்று கட்டுரை தானே சொல்லிவிடும். முறையில் ஒரு குறையும் இல்லை, கணக்கு மட்டும்தான் அப்படிச் சொல்கிறது.

அந்த 10.74 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். ரெசிடுவல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 461. அதில் 50 ஸ்டாண்டர்ட் ஒன்று மட்டும் 355, அதாவது நான்கில் மூன்று பங்குக்கு மேல். ஐம்பதில் ஏற்பட்ட மூன்று நான்கு சதவீதப் பிழையை எடுத்து, பிளாங்குக்குப் பக்கத்தில் உள்ள இரைச்சல் இதுதான் என்று சூத்திரத்தில் போட்டுவிட்டோம். ஐசிபி-எம்எஸ்ஸில் சிக்னல் ஏற ஏற அதன் ஆட்டமும் ஏறும். அதனால் மேல் முனையின் ஆட்டத்தைக் கீழ் முனைக்குக் கொண்டுவரக் கூடாது.

ரெசிடுவல் வழியில் எல்.ஓ.டி. காண வேண்டும் என்றால் அதற்கென்று தனிக் கோடு போடுங்கள். எதிர்பார்க்கும் எல்.ஓ.டி.க்குப் பக்கத்தில் மட்டும் ஸ்டாண்டர்டுகள் வைக்க வேண்டும். இங்கே 0.2-இலிருந்து 2 வரை ஐந்து அல்லது ஆறு புள்ளிகள் போதும். ஐ.சி.எச். வழிகாட்டியும் எல்.ஓ.டி. உள்ள வட்டாரத்தில் தனிக் கோடு போட்டுப் பார்க்கத்தான் சொல்கிறது. நூறு வரை நீளும் கோட்டிலிருந்து எல்.ஓ.டி. எடுத்த கட்டுரைகள் நிறைய அச்சில் வந்திருக்கின்றன. அதைப் பார்த்து நீங்களும் செய்ய வேண்டாம்.

LINEST-ல இன்டர்செப்டோட ஸ்டாண்டர்ட் எரர் கிடைக்குது. அதை σ-ஆ வைக்கலாமா? அப்போ எல்.ஓ.டி. பாதியா குறையுது.

குறையும்தான். நம் தரவில் அது 5.53, எல்.ஓ.டி. 1.85 என்று வரும். ஆனால் அந்த 5.53-உம் அதே 10.74-இலிருந்து பிறந்தது. முந்தின பதிலில் சொன்ன குறை அப்படியே இதிலும் இருக்கிறது. ஐ.சி.எச். சொல்வது பல கோடுகளின் இன்டர்செப்டுகளுக்கு இடையே உள்ள திட்ட விலக்கம். வேறு வேறு நாளில் ஆறு கோடு போட்டு, ஆறு இன்டர்செப்டுகளின் திட்ட விலக்கத்தை எடுத்தால் அது வேறு விஷயம். ஒரே கோட்டின் ஸ்டாண்டர்ட் எரர் அதற்குப் பதிலாகாது. போட்டிருந்தால், போட்டது அதுதான் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

வெயிட்டட் ரெக்ரஷன் போடச் சொல்லி ரிவ்யூவர் எழுதியிருக்கார். எக்ஸெல்ல அதுக்கு ஆப்ஷனே இல்லையே?

எக்ஸெல்லின் ட்ரெண்ட்லைனில் இல்லை. `SUMPRODUCT` வைத்துக் கையால் போடலாம். ஆனால் `R`-இல் நான்கு வரிதான்:

```
x <- c(1, 2, 5, 10, 50, 100)
y <- c(10.6, 20.3, 50.9, 99, 515, 980)
m <- lm(y ~ x, weights = 1/x^2)
(y - coef(m)[1]) / coef(m)[2]
```

கடைசி வரி திரும்பக் கணக்கிட்ட செறிவுகளைக் கொடுக்கும். சாய்வு 9.982, இன்டர்செப்ட் 0.57. இப்போது 1 ஸ்டாண்டர்ட் 1.005 என்று வருகிறது, 2 என்பது 1.98. மேல் முனையில் 50 என்பது 51.5, 100 என்பது 98.1. நூறில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒன்றில் இருபத்தாறு சதவீதப் பிழையைப் போக்கியிருக்கிறோம்.

சரி, 1/x-ஆ 1/x²-ஆ? எதைத் தேர்ந்தெடுத்தேன்னு எப்படி நியாயப்படுத்தறது?

ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் ஐந்தாறு தடவை அளந்து, திட்ட விலக்கம் செறிவோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். செறிவு பத்து மடங்கானால் திட்ட விலக்கமும் ஏறக்குறைய பத்து மடங்காகிறது என்றால் 1/x². வர்க்க விலக்கம்தான் செறிவுக்கு ஈடாக ஏறுகிறது என்றால் 1/x. திட்ட விலக்கம் எங்கும் ஒரே அளவில் இருந்தால் வெயிட்டே தேவையில்லை.

எல்லா ஸ்டாண்டர்டுகளின் சதவீதப் பிழைகளையும் குறி பார்க்காமல் கூட்டி ஒப்பிடும் வழக்கமும் உண்டு. நம் தரவில் வெயிட் இல்லாத கோட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை ஏறக்குறைய 51, 1/x-க்கு 8.7, 1/x²-க்கு 8.9. இதிலிருந்து வெயிட் வேண்டும் என்பது திட்டவட்டமாகத் தெரிகிறது. இரண்டில் எது என்பதை 8.7, 8.9 வைத்து முடிவு செய்ய முடியாது. அங்கே திரும்பத் திரும்ப அளந்த திட்ட விலக்கம்தான் பேச வேண்டும். தினமும் எது நன்றாக வருகிறதோ அதை மாற்றி மாற்றிப் போடுவது மட்டும் கூடாது. வேலிடேஷனில் ஒன்றை முடிவு செய்தால் மாதிரிகளுக்கும் அதுவேதான்.

இன்டர்செப்ட் பூஜ்யத்திலிருந்து சிக்னிஃபிகன்ட்டா வித்தியாசப்படலைன்னு வருது. அப்போ கோட்டைப் பூஜ்யம் வழியா இழுத்துடலாமா?

வேண்டாம். வெயிட் இல்லாத கோட்டில் இன்டர்செப்ட் 3.3, அதன் 95 சதவீத நம்பக இடைவெளி கூட்டல் கழித்தல் 15.4. பூஜ்யம் அதற்குள் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 15.4 என்பது செறிவில் ஒன்றரை மைக்ரோகிராமுக்கு மேல். அவ்வளவு அகலமான இடைவெளிக்குள் பூஜ்யம் இருப்பது, இன்டர்செப்ட் பூஜ்யம் என்று நிரூபிக்காது. நம் கோடு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவு கூர்மையாக இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இன்னொன்று: பூஜ்யம் வழியாகக் கோட்டை இழுத்தால் எக்ஸெல் R²-ஐ வேறு சூத்திரத்தில் கணக்கிடுகிறது, எண் உயர்ந்து தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. பிளாங்கில் கொஞ்சம் ஈயம் எப்போதும் இருக்கும் என்பதால், இந்த முறைக்கு இன்டர்செப்டை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

பிளாங்குன்னா ரெண்டு சதவீத நைட்ரிக் ஆசிட்தானே? அதைப் பத்து தடவை அளந்தாப் போதாதா?

அது கருவியின் எல்.ஓ.டி.யைத் தரும், முறையின் எல்.ஓ.டி.யைத் தராது. வித்தியாசத்தை எண்ணிலேயே பாருங்கள். ஒரே குழாயில் உள்ள ஆசிட்டைப் பத்து தடவை அளந்தால் திட்ட விலக்கம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். எல்.ஓ.டி. 0.07. இப்போது பத்துத் தனித்தனிக் குழாய்களில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆசிட் சேர்த்து, சூடாக்கி, வடிகட்டி, மாதிரிக்குச் செய்யும் எல்லாவற்றையும் செய்து அளந்தால் திட்ட விலக்கம் 0.8. எல்.ஓ.டி. 0.26. கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

அந்த வித்தியாசம் ஆய்வகத்திலிருந்து வருகிறது. ஆசிட் பாட்டிலின் தரம், கண்ணாடிப் பீக்கரின் சுவர், வடிகட்டி, மேசைமேல் படியும் தூசு, கையுறை. சாலையை ஒட்டிய கட்டடத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தால் தூசு இன்னும் அதிகம். ஈயத்துக்குக் கண்ணாடியைத் தவிர்த்து, ஆசிட்டில் ஊறவைத்துக் கழுவிய பாலிப்ரொப்பிலீன் குழாய்களைப் பயன்படுத்துங்கள். பத்து பிளாங்கில் ஒன்று மட்டும் மூன்று மடங்கு ஏறி வந்தால், அதை எடுத்தெறிந்துவிட்டு ஒன்பதை வைத்துக் கணக்கிட ஆசை வரும். குழாய் உடைந்தது, ஆசிட் மறந்தது போன்ற காரணம் குறிப்பேட்டில் இல்லாமல் அதை நீக்காதீர்கள். நாளை மாதிரிக்கும் அதே தூசு விழும்.

ஸ்பைக் பண்ணி 3.143-ஆல பெருக்கற முறையும் இருக்கே. அதுல வேற எண் வருது. எதைப் போடறது?

அது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் முறை. குறைந்த அளவு ஈயம் சேர்த்த ஏழு மாதிரிகளை முழு வழியிலும் நடத்தி, திட்ட விலக்கத்தை 3.143-ஆல் பெருக்குவது. 3.143 என்பது ஏழு அளவீடுகளுக்கான, 99 சதவீத ஒருபக்க t மதிப்பு. ஏழுக்குப் பதில் பத்து செய்தால் அந்த எண்ணும் மாறும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முறையின் புதிய வடிவம் ஏழையும் ஒரே நாளில் செய்ய விடுவதில்லை. குறைந்தது மூன்று வேறு நாட்களில் பரப்பச் சொல்கிறது. பிளாங்குகளையும் தனியாகக் கணக்கிட்டு, இரண்டில் பெரியதை எடுக்கச் சொல்கிறது.

நம் உதாரணத்தில் 1 சேர்த்த ஏழு மாதிரிகளின் சராசரி 0.97, திட்ட விலக்கம் 0.09 என்று கொள்வோம். எல்.ஓ.டி. 0.28. மேலே முழு வழி பிளாங்கில் வந்தது 0.26. வேறு வேறு வழியில் போய் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன, இதுதான் நம்பிக்கை தருகிறது. பெரியதை எடுத்து 0.3 என்று எழுதுங்கள். 0.2829 என்று எழுதாதீர்கள். ஏழு அளவீட்டிலிருந்து வந்த திட்ட விலக்கமே முப்பது சதவீதம் போல ஆடக்கூடியது. அதன்மேல் நான்கு இலக்கம் நிற்காது.

ஆக ஒரே கருவி, ஒரே முறை, ஆனால் 0.07, 0.26, 0.28, 1.85, 3.6 என்று ஐந்து எல்.ஓ.டி. நம் கையில் இருக்கின்றன. எந்த வழியில் வந்தது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அடுத்தவர் கட்டுரையில் உள்ள எல்.ஓ.டி.யோடு நம்முடையதை ஒப்பிட்டு "இரண்டு மடங்கு மேல்" என்று பெருமையாக எழுதும் முன்பும் இதைப் பாருங்கள். அவர் 0.07 வழியில் போனாரா, 0.28 வழியில் போனாரா?

கணக்குப் போட்டா எல்.ஓ.க்யூ. 0.8 வருது. ஆனா என் சின்ன ஸ்டாண்டர்டே 1. பரவாயில்லையா?

0.8 என்று எழுத முடியாது. அந்தச் செறிவில் கோடு எப்படிப் போகிறது என்று நீங்கள் பார்க்கவே இல்லை. இரண்டு வழி இருக்கிறது. 0.5-இல் ஒரு ஸ்டாண்டர்ட் சேர்த்து, 0.8-இல் ஸ்பைக் செய்து, மீட்பும் துல்லியமும் சரியாக வருகின்றன என்று காட்டலாம். அல்லது எல்.ஓ.க்யூ. 1 என்று எழுதலாம். ஒன்றில் சேர்த்த ஏழு மாதிரிகளில் மீட்பு 97 சதவீதம், ஒப்புத் திட்ட விலக்கம் ஒன்பது சதவீதம் என்று ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வரம்பு 10 என்னும்போது எல்.ஓ.க்யூ. 1 தாராளமாகப் போதும். சூத்திரம் தந்த 0.8-ஐ விட, செய்து பார்த்த 1-க்கு மதிப்பு அதிகம்.

நாங்க எச்.பி.எல்.சி. பண்றோம். சிக்னல்-டு-நாய்ஸ் 3 இருந்தா எல்.ஓ.டி., 10 இருந்தா எல்.ஓ.க்யூ.ன்னு போடறோம். அது தப்பா?

தப்பில்லை, குரோமட்டோகிராமில் அடிக்கோடு தெரியும் முறைகளுக்கு ஐ.சி.எச். அதை ஏற்கிறது. ஆனால் இரைச்சலை எப்படி அளந்தீர்கள் என்று எழுதுங்கள். உச்சியிலிருந்து அடிவரை எடுத்த இரைச்சலும், ஆர்.எம்.எஸ். இரைச்சலும் சில மடங்கு வேறுபடும். சாஃப்ட்வேரின் செட்டிங்கை மாற்றினாலே எல்.ஓ.டி. மாறிவிடும். எந்த நேர இடைவெளியில் இரைச்சலை எடுத்தீர்கள் என்பதும் வேண்டும். அப்புறம், கணக்கில் வந்த செறிவை உண்மையிலேயே தயாரித்துச் செலுத்தி, அந்தக் குரோமட்டோகிராமைத் துணை ஆவணத்தில் போடுங்கள்.

கடைசியில கட்டுரையில என்னதான் எழுதணும்? ஒரு பத்தி சொல்லுங்க.

நம் உதாரணத்துக்கு விஷயம் இப்படி வரும், உங்கள் இதழின் மொழியில் எழுதிக்கொள்ளுங்கள்: "1 முதல் 100 வரை ஆறு செறிவுகளில், பிஸ்மத் இன்டர்னல் ஸ்டாண்டர்டோடு, 1/x² வெயிட் கொண்ட நேர்கோடு பொருத்தப்பட்டது. சாய்வு 9.98, இன்டர்செப்ட் 0.57. திரும்பக் கணக்கிட்ட செறிவுகள் எல்லாம் பெயரளவு மதிப்பிலிருந்து 3.1 சதவீதத்துக்குள் இருந்தன. எல்.ஓ.டி. 0.3. இது முழு வழியிலும் நடத்திய பத்து பிளாங்குகள், 1 சேர்த்த ஏழு மாதிரிகள் ஆகிய இரண்டிலிருந்தும் மூன்று நாட்களில் கணக்கிட்டு, பெரியது எடுக்கப்பட்டது. எல்.ஓ.க்யூ. 1, அந்தச் செறிவில் மீட்பு 97 சதவீதம், ஒப்புத் திட்ட விலக்கம் 9 சதவீதம்."

சாய்வுக்கும் இன்டர்செப்டுக்கும் அவற்றின் ஸ்டாண்டர்ட் எரரையும் சேர்த்துக் கொடுங்கள். வெயிட் ஏன் என்பதற்கு ஒரு வரி வேண்டும். கச்சாத் தரவு துணை ஆவணத்தில் இருந்தால் ரிவ்யூவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வார், கேள்விகளும் குறையும்.

திருவான்மியூர் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்பு. பத்து மடங்கு நீர்த்துத்தான் கருவியில விடறோம். எல்.ஓ.டி. 0.3-ன்னே எழுதலாமா?

கூடாது. 0.3 என்பது கருவிக்குள் போகும் கரைசலின் எல்.ஓ.டி. பத்து மடங்கு நீர்த்தால் மாதிரியின் எல்.ஓ.டி. 3, எல்.ஓ.க்யூ. 10. குடிநீர் வரம்பும் 10 என்பதால், வரம்பைத் தாண்டியதா இல்லையா என்று சொல்ல வேண்டிய இடத்திலேயே முறை தள்ளாடும். சுருக்கத்தில் 0.3 என்று போட்டுவிட்டு மாதிரி அட்டவணையில் பத்தால் பெருக்கிய எண்களைக் கொடுத்த கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். படிப்பவர் ஏமாறுவது அங்கேதான்.

கரைந்த உப்பு 0.2 சதவீதத்துக்குக் கீழே, அதாவது லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஐசிபி-எம்எஸ் பொதுவாகத் தாங்கும். கடலோரத் தண்ணீர் 3,000 இருந்தாலும் இரண்டு மடங்கு நீர்த்தால் போதும், எல்.ஓ.க்யூ. 2 என்று நிற்கும். முதலில் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள், அப்புறம் நீர்ப்பை முடிவு செய்யுங்கள். உப்பு சிக்னலை அடக்கவும் செய்யும். அதனால் எல்.ஓ.டி.க்கான ஸ்பைக்கை மில்லி-க்யூ தண்ணீரில் செய்யாமல், ஈயம் கண்டறியப்படாத ஒரு போர்வெல் தண்ணீரிலேயே செய்யுங்கள். பிஸ்மத்தின் எண்ணிக்கை பிளாங்கில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு மாதிரிக்கும் கவனியுங்கள்.

நாற்பது மாதிரியில இருபத்தாறு எல்.ஓ.டி.க்குக் கீழ. சராசரி எடுக்கும்போது அதுக்கு என்ன போடறது? பூஜ்யமா, எல்.ஓ.டி.யில பாதியா?

இரண்டுமே வேண்டாம் என்பேன். எல்.ஓ.டி. 0.3 என்றால் பாதி 0.15, இருபத்தாறு மாதிரிக்கும் ஒரே 0.15 போட்டால் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் நீங்களே உருவாக்கியதாக ஆகும். பாதிக்கு மேல் எல்.ஓ.டி.க்குக் கீழே இருக்கும்போது சராசரி சொல்லாதீர்கள். நாற்பதில் இருபத்தாறு 0.3-க்குக் கீழே, இடைநிலை மதிப்பும் 0.3-க்குக் கீழே, அதிகபட்சம் இவ்வளவு, வரம்பு 10-ஐத் தாண்டியவை இத்தனை என்று எழுதினாலே படிப்பவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சராசரி கட்டாயம் வேண்டுமென்றால் இத்தகைய தரவுக்கென்றே உள்ள கப்லான்-மையர் போன்ற முறைகள் இருக்கின்றன, அவற்றில் போடுங்கள்.

0.3-க்கும் 1-க்கும் நடுவே விழுந்தவை தனி. அவற்றின் எண்ணை அட்டவணையில் கொடுத்து, எல்.ஓ.க்யூ.வுக்குக் கீழே உள்ளது என்று பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். உங்கள் தரவைப் பின்னால் எடுத்து வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துபவருக்கு அந்த எண்கள் தேவைப்படும். "கண்டறியப்படவில்லை" என்ற நெடுவரிசையில் அவற்றைத் தள்ளிவிட்டால் திரும்பக் கிடைக்காது.